பழைய போர்டு புது கார்டின் காலை வாருமா?

"போர்டு பழசு சார், இந்தக் கார்டைப் போட்டா பாதி வேகம்தான் வரும்" என்பது கடைக்காரர் கட்சி. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, பத்து வருஷத்து போர்டுலயே போட்டு ஓட்டறாங்க" என்பது நண்பர்கள் கட்சி. கிராபிக்ஸ் கார்டு மாற்ற நினைக்கும் எவரும் இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது வழக்கம். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. கடைக்காரர் ஒரு வகைக் கார்டை மனதில் வைத்துப் பேசுகிறார், நண்பர் இன்னொரு வகையை.

பழைய ஸ்லாட் விலை உயர்ந்த கார்டை அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. அது பதம் பார்ப்பது மலிவான கார்டைத்தான். கையில் காசு குறைவாக இருப்பவர்தான் பழைய போர்டும் வைத்திருப்பார், மலிவான கார்டும் வாங்குவார். அதாவது அடி யாருக்கு விழக்கூடாதோ அவருக்கே விழுகிறது. இதற்குப் பழைய போர்டைக் குறை சொல்வது நியாயமில்லை. கார்டு செய்தவர்கள் எதை வெட்டினார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்லாட் என்றால் என்ன என்று கொஞ்சம். மதர்போர்டில் கிராபிக்ஸ் கார்டு உட்காரும் அந்த நீளமான பள்ளம் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட். அதற்குள் பதினாறு 'லேன்'கள் வரை இருக்கும். ரோட்டில் இருக்கும் லேன் மாதிரியே நினைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு லேனிலும் போக ஒரு பக்கம், வர ஒரு பக்கம். ஒரு லேனில் நொடிக்கு எவ்வளவு தரவு போகும் என்பது தலைமுறையைப் பொறுத்தது. 2003-ல் வந்த முதல் தலைமுறையில் 250 எம்பி. 2007-ல் வந்த இரண்டாவதில் 500 எம்பி. 2010-ன் மூன்றாவதில் கிட்டத்தட்ட 1 ஜிபி. 2017-ன் நான்காவதில் 2 ஜிபி, 2019-ன் ஐந்தாவதில் 4 ஜிபி. இவை விதிமுறை வெளியான ஆண்டுகள்; கடையில் போர்டாக வர இன்னும் ஓரிரு ஆண்டு பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று நினைவில் வைத்தால் போதும்.

கார்டும் போர்டும் வேறு வேறு தலைமுறை என்றாலும் பொதுவாக வேலை செய்யும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் இரண்டும் கலந்து பேசி, இருவருக்கும் தெரிந்த வேகத்தில், இருவரிடமும் இருக்கும் லேன் எண்ணிக்கையில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். இரண்டு விஷயத்திலும் யார் குறைச்சலோ அவர் சொல்வதுதான் சட்டம். இந்த ஒரு வரியில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

நண்பர்கள் கட்சியின் நியாயத்தை முதலில் பார்த்துவிடலாம். பதினாறு லேன் உள்ள கார்டு, பதினாறு லேன் உள்ள மூன்றாம் தலைமுறை போர்டு. நொடிக்கு சுமார் 16 ஜிபி போகலாம். 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 அந்த நாளில் உலகிலேயே வேகமான விளையாட்டுக் கார்டு, நான்காம் தலைமுறை. அதை வேண்டுமென்றே மூன்றாம் தலைமுறைக்கு இறக்கி, டெக்பவர்அப் தளத்தில் ஏகப்பட்ட விளையாட்டுகளை ஓட்டிப் பார்த்தார்கள். சராசரி இழப்பு இரண்டு சதவீதம் அளவுதான். நொடிக்கு நூறு பிரேம் வந்த இடத்தில் தொண்ணூற்றெட்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது.

பாதை பாதியானது, வேகம் ஏன் குறையவில்லை? ஏனென்றால் விளையாட்டு ஓடும்போது அந்தப் பாதையில் பெரிதாக ஒன்றும் போவதில்லை. திரையில் தெரியும் படம் ஸ்லாட் வழியாகப் போகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது கார்டின் பின்னால் உள்ள கேபிள் வழியாக நேராக மானிட்டருக்குப் போய்விடும். சுவர், மரம், முகம், துணி இவற்றின் மேல் ஒட்டப்படும் படங்கள், அதாவது டெக்ஸ்சர்கள், ஆட்டம் லோட் ஆகும்போதே கார்டின் சொந்த மெமரிக்குள் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு பிரேமுக்கும் பிராசசர் அனுப்புவது கட்டளைகள்தான். "இந்த ஆளை இங்கே நிறுத்து, அந்த விளக்கை அங்கே எரியவிடு" என்கிற மாதிரி. இடையிடையே புதிய இடத்துக்குப் போகும்போது புதிய டெக்ஸ்சர்கள் கொஞ்சம். அவ்வளவுக்கு பழைய பாதையே தாராளம்.

ஒரு பெரிய மளிகைக் கடையை எடுத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். கடைக்குள் இருக்கும் அலமாரி கார்டின் மெமரி. இரண்டு தெரு தள்ளி இருக்கும் குடோன் கம்ப்யூட்டரின் ராம். நடுவில் உள்ள சந்துதான் ஸ்லாட். காலையில் வேண்டிய சரக்கை எல்லாம் அலமாரியில் அடுக்கிவிட்டால், நாள் முழுக்க சந்து எவ்வளவு குறுகலாக இருந்தாலும் வியாபாரத்துக்குக் கவலை இல்லை. அலமாரி சிறுத்துப் போய், வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் "இருங்க, குடோன்லேர்ந்து எடுத்தாறேன்" என்று பையனை ஓட விட்டால்தான் சந்தின் அகலம் பிரச்சனையாகும்.

கார்டின் மெமரி நிரம்பி வழியும்போது நடப்பது இதுதான். மிஞ்சிய டெக்ஸ்சர்களை டிரைவர் ராமில் கொண்டுபோய் வைக்கும். அவை தேவைப்படும்போதெல்லாம் ஸ்லாட் வழியாக இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் மெமரியின் வேகத்துக்கும் ஸ்லாட்டின் வேகத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மலிவான ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டிலேயே சொந்த மெமரி நொடிக்கு 144 ஜிபி கொடுக்கும்.

இந்த 6500 எக்ஸ்டிதான் கதாநாயகன். அல்லது வில்லன். 2022 ஜனவரியில் ஏஎம்டி இதை 199 டாலர் என்று விலை சொல்லி வெளியிட்டது. கார்டுகள் யானை விலை குதிரை விலை விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டை என்று எல்லோரும் ஆவலாகப் பார்த்தார்கள். பார்த்தால் மெமரி 4 ஜிபி. லேன் நாலே நாலு. நீளமான பதினாறு லேன் ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் நான்கில்தான் பேசும்.

ஏன் நாலு? அந்தச் சில்லு அடிப்படையில் லேப்டாப்புக்காக வடிவமைக்கப்பட்டது. லேப்டாப்பில் பக்கத்தில் இருக்கும் பிராசசர் நான்காம் தலைமுறை என்று உறுதியாகத் தெரியும், நாலு லேனுக்கு 8 ஜிபி கிடைக்கும், இடமும் மின்சாரமும் மிச்சம். அங்கே அது சரியான கணக்கு. அதையே எடுத்து மேசைக் கம்ப்யூட்டருக்குக் கார்டாக்கி விற்றபோதுதான் கணக்கு உதைத்தது. 199 டாலர் கார்டு வாங்குபவர் வீட்டில் அப்போது என்ன போர்டு இருந்திருக்கும்? ஏஎம்டி வகையில் பி450, இன்டெல் என்றால் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் தலைமுறை. எல்லாமே பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. அங்கே நாலு லேனுக்குக் கிடைப்பது வெறும் 4 ஜிபி.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான், ஆனால் நடப்பதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஒரு விளையாட்டு 4.6 ஜிபி மெமரி கேட்கிறது, கார்டில் இருப்பது 4. மிஞ்சிய 600 எம்பி ராமில். ஒவ்வொரு பிரேமிலும் அந்த 600-ம் வேண்டியிருக்காது, கண்ணுக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் வேண்டும். நூறு எம்பி என்று வைத்துக்கொள்ளலாம். நொடிக்கு அறுபது பிரேம் வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி செகண்ட்.

புதிய போர்டில், 8 ஜிபி பாதையில், அந்த நூறு எம்பி வந்து சேர 12.5 மில்லி செகண்ட். படம் வரையும் வேலையும் இழுக்கும் வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று தாராளமாக எடுத்துக்கொண்டால், மூச்சு வாங்கிக்கொண்டு அறுபதைத் தொடலாம். மூன்றாம் தலைமுறை போர்டில் அதே நூறு எம்பிக்கு 25 மில்லி செகண்ட். கார்டு எவ்வளவு சுறுசுறுப்பாக வரைந்தாலும் நொடிக்கு நாற்பது பிரேமைத் தாண்ட முடியாது. சந்து விடாது.

இன்னும் பழைய போர்டில்? இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. அலுவலகங்களில் கழித்துக்கட்டிய இன்டெல் நான்காம் தலைமுறை கம்ப்யூட்டர்கள் பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். பிராசசர் விவரத்தைத் தேடிப் பார்த்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்று இருக்கும். வாங்குபவரும் நம்பிவிடுவார். ஆனால் அந்த மலிவுப் பெட்டிகளில் நிறைய எச்81 சிப்செட் போர்டு. எச்81-ல் கிராபிக்ஸ் ஸ்லாட்டை இரண்டாம் தலைமுறையோடு நிறுத்தி வைத்திருக்கிறது இன்டெல். பிராசசரால் முடியும், போர்டு அனுமதிக்காது. நாலு லேனுக்கு 2 ஜிபி, நூறு எம்பிக்கு 50 மில்லி செகண்ட், நொடிக்கு இருபது பிரேம். விளையாட்டு இல்லை, ஸ்லைடு ஷோ.

இப்போது அதே எச்81 போர்டில் 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-ஐச் செருகிப் பார்த்தால் கதை மாறுகிறது. அதுவும் 4 ஜிபி கார்டுதான். சில்லின் சொந்த பலத்தில் 6500 எக்ஸ்டியைவிட இளைத்தது. ஆனால் பதினாறு லேனும் இருக்கிறது. இரண்டாம் தலைமுறை வேகத்திலேயே பதினாறு லேனுக்கு 8 ஜிபி வந்துவிடும். பத்து வருடத்துக்கு மேல் பழைய குப்பை போர்டில் 1650-க்குக் கிடைக்கும் பாதையும், பளபளக்கும் புது போர்டில் 6500 எக்ஸ்டிக்குக் கிடைக்கும் பாதையும் ஒன்றே! அப்படியானால் போர்டைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

இதன் தம்பி ஆர்எக்ஸ் 6400 விஷயத்தில் இது இன்னும் எரிச்சலூட்டும். தனியாக மின் இணைப்பு வேண்டாம், குள்ளமான வடிவிலும் கிடைக்கும். எதற்காகப் பிறந்தது என்று கேட்டால் பழைய அலுவலகப் பெட்டிகளுக்காகவே பிறந்தது என்று சொல்லத் தோன்றும். அதற்கும் நாலே லேன்தான். நான்காம் தலைமுறை போர்டில் 6400-ம் 1650-ம் தோளோடு தோள் நிற்கும். மூன்றாம் தலைமுறையில் 1650 முந்திவிடும். எந்தப் பெட்டிக்குள் போகும் என்று தெரிந்தே செய்த கார்டு அந்தப் பெட்டிக்குள்தான் தோற்கிறது.

6500 எக்ஸ்டியின் சராசரி இழப்பு, விமர்சகர்கள் மூன்றாம் தலைமுறைக்கு இறக்கி ஓட்டிப் பார்த்தபோது, பத்து சதவீதத்துக்கு மேல் போனது. சில விளையாட்டுகளில் ஒன்றும் இல்லை, சிலவற்றில் பெரிய அடி. சராசரியை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மெமரிக்குள் அடங்கிய விளையாட்டில் இழப்பு அநேகமாகப் பூஜ்யம், வழிந்த விளையாட்டில் அதலபாதாளம், இரண்டையும் கூட்டி வகுத்தால் "பரவாயில்லை" என்று ஒரு எண். அந்த எண்ணில் யாரும் விளையாடுவதில்லை.

ஏஎம்டி பக்கம் சொல்லவும் விஷயம் இருக்கிறது. 4 ஜிபி என்று வைத்தால் ஈதரியம் தோண்டுபவர்களுக்கு இந்தக் கார்டு உதவாது, அதனால் விளையாடுபவர் கைக்குப் போய்ச் சேரும் என்றார்கள். அந்தக் காலத்தில் அது நியாயமான வாதம். டெக்ஸ்சர் தரத்தை 'மீடியம்' என்று வைத்தால் 4 ஜிபிக்குள் அடங்கும், அப்போது லேன் பற்றிய பேச்சே எழாது என்பதும் உண்மை. ஆனால் மெமரியைக் குறைத்தவர் பாதையையாவது அகலமாக விட்டிருக்க வேண்டாமா? அலமாரியும் சிறியது, சந்தும் குறுகல் என்றால் கடைக்காரர் என்னதான் செய்வார்? இரண்டில் ஒன்றை வெட்டினால் சமாளிக்கலாம். 2020-ல் இதே ஏஎம்டி, இன்றைய விளையாட்டுகளுக்கு 4 ஜிபி போதாது என்று தன் தளத்திலேயே விளக்கிக் கட்டுரை போட்டிருந்தது. அது போட்டிக் கம்பெனியின் 4 ஜிபி கார்டுகளை ஓட்டுவதற்காக :-)

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிட முடியவில்லை. 2025 ஏப்ரலில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டை 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகையில் விட்டது. ஒரே சில்லு, ஒரே பெயர், எட்டு லேன், ஐந்தாம் தலைமுறை. அறிவித்த விலையில் வித்தியாசம் 50 டாலர். இரண்டையும் மூன்றாம் தலைமுறை போர்டில் போட்டால் பாதை இரண்டுக்கும் ஒன்றுதான், 8 ஜிபி. 16 ஜிபி கார்டு அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. 8 ஜிபி கார்டு, மெமரி பத்தாத புதிய விளையாட்டுகளில் தடுமாறும். இதைவிடத் தெளிவான பரிசோதனையை யாரும் ஏற்பாடு செய்திருக்க முடியாது. சந்து ஒன்றே, அலமாரி மட்டும் வேறு. ஸ்லாட் தனியாக யாரையும் கொல்வதில்லை, மெமரி பற்றாக்குறையோடு கூட்டு சேர்ந்தால்தான் கொல்லும்.

அதே ஆண்டு ஜூனில் ஏஎம்டி விட்ட ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியில் பதினாறு லேன் இருக்கிறது. அடி வாங்கிப் பாடம் படித்தார்களோ என்னவோ. பழைய போர்டில் 8 ஜிபி கார்டுதான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு எட்டு லேன் கார்டைவிட இந்தப் பதினாறு லேன் கார்டு பாதுகாப்பான கொள்முதல்.

போர்டு மட்டுமல்ல, பிராசசரும் லேனை விழுங்கும் என்பது பலருக்குத் தெரியாது. கிராபிக்ஸ் ஸ்லாட்டின் லேன்கள் பிராசசரிலிருந்துதான் நேராக வருகின்றன. உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 3 3200ஜி அந்த ஸ்லாட்டுக்கு எட்டு லேன்தான் கொடுக்கும். ரைசன் 5 5500-ஐ நான்காம் தலைமுறை பி550 போர்டில் போட்டாலும் ஸ்லாட் மூன்றாம் தலைமுறையில்தான் ஓடும். இவற்றைவிட விசித்திரம் 2024-ல் வந்த ரைசன் 5 8500ஜி. புத்தம்புது ஏஎம்5 போர்டில் உட்கார்ந்துகொண்டு, கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கு நான்கே லேன் தரும், அதுவும் நான்காம் தலைமுறை. கணக்குப் போட்டால் 8 ஜிபி. மறுபடியும் அந்த எச்81 போர்டின் பதினாறு லேனுக்குச் சமம்! பழசு புதுசு என்று போர்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள்.

சரி, வீட்டில் இருக்கும் பெட்டியில் என்ன ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? விண்டோஸில் GPU-Z என்ற சின்ன மென்பொருள் போதும். அதில் Bus Interface என்ற கட்டத்தில் `PCIe x16 4.0 @ x16 3.0` என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். @ குறிக்கு முன்னால் இருப்பது கார்டின் தகுதி, பின்னால் இருப்பது இப்போது உண்மையில் நடப்பது. இதைப் பார்த்துப் பதறுபவர்கள் ஏராளம், ஏனென்றால் சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க கார்டு தானாகவே முதல் தலைமுறை வேகத்துக்கு இறங்கி `1.1` என்று காட்டும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி, அதிலுள்ள சிறு சோதனையை ஓடவிட்டு, அப்புறம் பார்க்க வேண்டும். லேன் எண்ணிக்கை பொதுவாக அப்படி இறங்காது. பதினாறு லேன் கார்டு வேலை செய்யும்போதும் x8, x4 என்று காட்டினால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

லினக்ஸ்காரர்களுக்கு:

```
sudo lspci -vv | grep -E "VGA|LnkCap:|LnkSta:"
```

LnkCap என்பது தகுதி, LnkSta என்பது நடப்பு. ஏஎம்டியின் அண்மைக் கால கார்டுகளில் ஒரு சூட்சுமம் உண்டு. கார்டுக்குள்ளேயே ஒரு பாலம் இருப்பதால், VGA என்ற வரிக்குக் கீழே இருப்பது கார்டுக்குள் நடக்கும் உள்பேச்சு. அது எப்போதும் அமோகமாக x16 என்று காட்டும். உண்மையான ஒப்பந்தம் அதற்கு மேலே வரும் பாலத்தின் LnkSta-வில்தான் இருக்கும்.

லேன் குறைவாகத் தெரிந்தால் போர்டை மாற்ற ஓட வேண்டாம். கார்டை இரண்டாவது ஸ்லாட்டில் செருகியிருப்பார்கள். அதுவும் பார்க்க அதே நீளம்தான், ஆனால் பி450 போர்டுகள் பலவற்றில் அது சிப்செட் வழியாக வரும் இரண்டாம் தலைமுறை நாலு லேன். மேலே உள்ள ஸ்லாட்டுக்கு மாற்றினால் காசில்லாமல் வேகம் வரும். இல்லையென்றால் கார்டின் பல்லில் தூசியோ எண்ணெயோ இருக்கும், கழற்றித் துடைத்து அழுத்திச் செருகினால் சரியாகிவிடும். கார்டை நீட்டி வைக்கும் ரைசர் கேபிள் பழைய தலைமுறை என்றால் வேறு தொல்லை. நான்காம் தலைமுறையில் பேச முயன்று திரை கறுத்துப் போகும், பயாஸில் ஸ்லாட்டை Gen3 என்று கட்டிப்போட்டால் அடங்கும். அதனால் இழப்பு எவ்வளவு என்பது மேலே பார்த்ததுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் விளையாட்டு இழுக்கிறது என்றால், ஸ்லாட்தான் காரணமா என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. டெக்ஸ்சர் தரத்தை மட்டும் ஒரு படி குறைக்க வேண்டும். வேறு எதையும் தொடக்கூடாது. பிரேம் எண்ணிக்கை சட்டென்று எகிறினால் மெமரி வழிந்து ஸ்லாட்டில் நெரிசல் இருந்தது என்று பொருள். வழியாத கார்டில் டெக்ஸ்சர் தரத்தால் வேகம் பெரிதாக மாறாது. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்திலும் இது தெரியும். Dedicated GPU memory விளிம்பு வரை நிரம்பி, Shared GPU memory வழக்கத்தைவிட நூற்றுக்கணக்கான எம்பி ஏறியிருந்தால் குடோனுக்கு ஆள் ஓடிக்கொண்டிருக்கிறது. சராசரி வேகம் நன்றாக இருந்து, திரும்பும்போதெல்லாம் ஒரு வெட்டு விழுந்தாலும் இதே சந்தேகம் வரவேண்டும். டிரைவர் சரக்கை மொத்தமாக உள்ளே வெளியே மாற்றும்போது அப்படித்தான் ஆகும். சில விளையாட்டுகள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. வேகத்தைக் குறைக்காமல் டெக்ஸ்சரை மங்கலாக்கிவிடும். அளவிடும் மென்பொருளில் எண் அழகாக இருக்கும், சுவர் மட்டும் களிமண் பூசியது மாதிரி தெரியும்.

டெக்ஸ்சரைக் குறைத்தும் ஒன்றும் ஆகவில்லை, திரை அளவைக் குறைத்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் குற்றவாளி பிராசசர். பழைய போர்டுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். நான்காம் தலைமுறை ஐ5-ல் புதிய கார்டைப் போட்டு, பாதி வேகம் வந்ததும் "ஸ்லாட் பழசு" என்று சொல்லிவிடுகிறார்கள். நாலு கோர் பிராசசர் கட்டளைகளைத் தயாரித்துக் கொடுக்கத் திணறுகிறது, சந்து காலியாகத்தான் கிடக்கிறது. கடைக்காரர் கட்சி சொல்லும் "பாதி வேகம்" பல நேரங்களில் இந்தக் கணக்கில் வருவது. அவர் முடிவு சரி, காரணம் தப்பு.

இன்டெல்லின் ஆர்க் கார்டுகளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே லேனைவிடப் பெரிய தடை, `Resizable BAR` என்ற வசதி பழைய போர்டின் பயாஸில் இல்லாதது. அது இல்லாவிட்டால் ஆர்க் கார்டு மோசமாகச் சறுக்கும். இன்டெல்லே அந்த வசதி உள்ள போர்டைத்தான் பரிந்துரைக்கிறது. பழைய போர்டுக்காரர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

வாங்கப் போகிறவருக்கு இதெல்லாம் பெட்டியில் தெரியுமா? 'பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எத்தனை லேன் என்பது இணையத்தில் உள்ள விவரப் பட்டியலின் மூலையில் எங்கோ ஒளிந்திருக்கும். பெரிதாகப் போட்டது விற்க உதவும் எண், மறைத்தது வாங்குபவருக்கு உதவும் எண். சோப்பு பாக்கெட்டில் எடை போடாமல் விற்க முடியாது. நாலு லேன் கார்டின் முன்பக்கத்தில் '4 லேன்' என்று போட என்ன தடை? இரண்டு எழுத்து மை செலவுதான்.

அதுவரை பழைய போர்டு வைத்திருப்பவர் கடையில் கார்டைத் திருப்பிப் பார்ப்பது உத்தமம். ஸ்லாட்டுக்குள் போகும் அந்தத் தங்க நிறப் பல் வரிசையில், பல நாலு லேன், எட்டு லேன் கார்டுகளில் பாதி தூரத்துக்கு மேல் பல்லே இருக்காது, வெறும் பச்சையோ கறுப்போ பலகைதான். விற்பனைப் படத்தில்கூட இது தெரியும், கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.